நடுவில் வந்து சேர்ந்தவரை அறிமுகப்படுத்திய இரண்டு உரைகள்: ஒரு கிடங்கு மாற்றத்தின் 10ஆம் இரவும் 11ஆம் இரவும்

வாகன உதிரிபாகங்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் சரக்கு முழுவதையும் செங்குன்றம் பகுதியில் இருந்த பழைய கிடங்கிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே கட்டப்பட்ட புதிய கிடங்குக்கு மாற்றும் பணியில் நான் இருப்புக் கணக்கைக் கவனித்து வந்தேன். அந்தப் பணியின் நடுவே ஒரு புதிய அலுவலர் எங்கள் குழுவில் சேர்ந்தார். அவரை எங்கள் மேலாளர் அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் இரண்டு முறை அறிமுகப்படுத்தினார். முதல் உரை ஒன்றரை நிமிடம் நீண்டது. இரண்டாவது ஏறக்குறைய மூன்று நிமிடம். முதல் உரைக்குப் பிறகான இரவில் ஒரு லாரி வாசலிலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. அந்தத் தாமதத்துக்கும் உரையில் இருந்த சொற்களுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்து, ஒவ்வொருவரையும் அவர் பார்த்த வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

பணியின் அமைப்பு

மாற்ற வேண்டியவை சுமார் 1,900 பேலட்டுகள், அதாவது சரக்கு அடுக்கிய தட்டுகள். எங்களிடம் ஒப்பந்தத்தில் இருந்த 32 அடி மூடிய லாரி ஒன்றில் 16 பேலட்டுகள் ஏறும். மூன்று லாரிகள் இரவுக்கு இரண்டு நடை வீதம் ஓடினால் ஓர் இரவில் 6 நடை, 96 பேலட்டுகள். ஆகவே 20 இரவுகளில் வேலை முடியும் என்பது திட்டம். பகலில் வழக்கமான விற்பனை நடந்தாக வேண்டியிருந்ததால், மாற்றும் வேலைக்கு மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே கிடைத்தது. இரண்டு கிடங்குகளுக்கும் இடையே வெளிவட்டச் சாலை வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர்.

ஒரு நடைக்கான வரிசை இப்படி இருந்தது. பகல் ஷிப்டினர் அன்றிரவு போக வேண்டிய பேலட்டுகளை எண்ணி, பிளாஸ்டிக் உறை சுற்றி, லேபிள் ஒட்டி, லாரியில் சரக்கு ஏற்றும் இடமான டாக்கின் முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். இரவில் சரக்கு ஏற்றும் பணியின் மேற்பார்வையாளர் லாரியை டாக்கில் நிறுத்தி ஏற்றுவார். ஏற்றி முடிந்ததும் பேலட் பட்டியல் புதிய கிடங்குக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்குள்ளவர்கள் ரேக்கில் இடம் ஒதுக்குவார்கள். அதோடு டெலிவரி சலானும், சரக்கு நகர்வுக்காக ஜிஎஸ்டி விதிப்படி இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும். இரண்டு கிடங்குகளும் ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ் இருந்ததால் இது விற்பனை ஆகாது. எனவே இன்வாய்ஸ் இல்லாமல் சலானிலேயே சரக்கு போகலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு நகரும்போது இ-வே பில் கட்டாயம். எங்கள் ஒவ்வொரு லாரியிலும் அந்த மதிப்பைத் தாண்டிய சரக்கு இருந்ததால் ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாக அதை எடுத்தோம். அதன் முதல் பகுதியில் சரக்கின் விவரமும் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணும் இருக்கும். வண்டி மாறினால் இரண்டாம் பகுதியையும் மாற்றியாக வேண்டும். இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நகர்கிறது.

முதல் ஒன்பது இரவுகளில் ஏற்றும் வேலை, பட்டியல், சலான், இ-வே பில் எல்லாவற்றையும் மேற்பார்வையாளரே பார்த்தார். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கிடங்கில் இருப்பவர். எந்தப் பேலட்டை எந்தப் பக்கம் வைத்தால் லாரி சாயாது என்பதை அவரிடம்தான் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஆனால் ஏற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கணினிக்கு வந்து தாள்களைத் தயார் செய்யும் வரை லாரி டாக்கிலேயே நிற்கும். நடைக்கு 40 நிமிடம் அதிலேயே போனது. ஒன்பது இரவுகளின் முடிவில் 54 நடை ஆகியிருக்க வேண்டிய இடத்தில் 47தான் ஆகியிருந்தது. குறை ஆளிடம் இல்லை, இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்ததில் இருந்தது. இதை மேலாளர் சரியாகக் கண்டுபிடித்துத்தான் தாள் வேலைக்கென்று ஓர் அனுப்புதல் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டு வாங்கினார். அவர் குளிர்பதனச் சரக்குப் போக்குவரத்தில் 11 ஆண்டு அனுபவம் உள்ள பெண்மணி. பத்தாம் இரவின் மாலையில் வந்து சேர்ந்தார்.

முதல் உரை

அன்று மாலை ஏழு இருபதுக்குப் பழைய கிடங்கின் டாக் அருகே எல்லோரும் கூடி நின்றோம். மேலாளர் சொன்னதை அன்றிரவே என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்:

"எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க. மேடம் இன்னைல இருந்து நம்ம டீம்ல சேர்றாங்க. லாஜிஸ்டிக்ஸ்ல பதினோரு வருஷ அனுபவம், பெரிய பெரிய வேலை எல்லாம் பார்த்தவங்க. நமக்கு இப்ப வேலை கொஞ்சம் இழுக்குது. இவங்க வந்துட்டாங்க, இனிமே சரியாயிடும். எந்தச் சந்தேகம்னாலும் மேடத்தையே கேளுங்க. எல்லாரும் நல்லா ஒத்துழைப்பு குடுங்க. வாழ்த்துக்கள் மேடம்."

நாங்கள் கைதட்டினோம். கேட்கும்போது இதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. அலுவலகத்தில் எப்போதும் கேட்கிற உரைதான். வேலை ஓய்வாக இருக்கிற ஒரு திங்கட்கிழமை காலையில் இதையே சொல்லியிருந்தால் எந்தத் தீங்கும் வந்திருக்காது. அன்று அங்கே நின்றவர்கள் ஒன்பது இரவுகள் தூங்காதவர்கள் என்பதும், அடுத்த பத்து நிமிடத்தில் முதல் லாரி டாக்குக்கு வரப்போகிறது என்பதும்தான் வேறுபாடு. அந்த நிலையில் இருப்பவர்கள் உரையில் உள்ள பாராட்டைக் கேட்பதில்லை; தங்கள் வேலையில் எது மாறுகிறது என்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்லப்படாவிட்டால் அவரவரே ஊகித்துக்கொள்கிறார்கள்.

மேற்பார்வையாளர் ஊகித்தது ஒன்று: "வேலை இழுக்குது, இவங்க வந்துட்டாங்க, சரியாயிடும்" என்றால் இத்தனை நாள் இழுத்தவர் தாம்தான் என்று பொருள். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அதுவரை எதையும் தாமே முன்வந்து சொல்கிறவர், அன்றிரவு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களும் லாரி ஓட்டுநர்களும் ஊகித்தது வேறு: எல்லாச் சந்தேகத்துக்கும் இனி மேடம்தான். புதியவரும் தமக்கு நேர்முகத்தேர்வில் சொல்லப்பட்டதைக் கொண்டு தம் வேலை தாள் வேலை என்று எண்ணிக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தார். மூவரும் தத்தம் அளவில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள்.

வாசலில் நின்ற லாரி

புதியவரின் பழக்கம் நல்ல பழக்கம். டாக்கின் முன் பேலட்டுகள் ஏற்கெனவே வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், ஏற்றி முடியும் வரை காத்திருக்காமல், அன்றைய திட்டத்தை வைத்து ஆறு நடைக்கும் சலானையும் இ-வே பில்லையும் எட்டரை மணிக்குள் எடுத்துவிட்டார். மேலாளர் எதிர்பார்த்த 40 நிமிட மிச்சம் முதல் மூன்று நடைகளில் உண்மையாகவே கிடைத்தது.

நான்காவது நடைக்கு வர வேண்டிய லாரி டாக்குக்குப் பின்வாங்கும்போது கிளட்ச் பிடிக்கவில்லை. மேற்பார்வையாளர் உடனே போக்குவரத்து ஒப்பந்ததாரரிடம் பேசி அருகில் நின்ற அவருடைய வேறொரு லாரியை வரவழைத்து அதில் ஏற்றினார். முந்தைய ஒன்பது இரவுகளில் இரண்டு முறை இப்படி வண்டி மாறியிருக்கிறது. அப்போதெல்லாம் வண்டியை மாற்றியவரே ஏற்றி முடித்த பிறகு தாளையும் எடுத்ததால், புதிய எண் தானாகவே சலானில் ஏறிவிட்டது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. இப்போது வண்டி ஒருவரிடமும் தாள் மற்றொருவரிடமும் இருந்தன. தாள் மேடம் பார்ப்பார் என்று மேற்பார்வையாளர் இருந்தார்; வண்டி மாறியதே மேடத்துக்குத் தெரியாது. அச்சிட்ட தாள்கள் மேசையில் நடை வாரியாகக் கிளிப் போட்டு இருந்தன. லாரி ஓட்டுநர் நான்காவது கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதிய கிடங்கின் வாசலை அந்த லாரி அடைந்தபோது மணி ஒன்று இருபது. வாசல் காவலர் வண்டியின் எண் பலகையில் இருந்த எண்ணையும் சலானில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று நிறுத்தினார். அவர் செய்தது முழுக்கச் சரி. லாரிக் கதவில் இடும் சீலின் எண்ணும் வண்டி எண்ணும் தாளோடு பொருந்தாத சரக்கை உள்ளே விடக் கூடாது என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. வழியில் வரித்துறையின் சோதனைக் குழு நிறுத்தியிருந்தால் சரக்கையே பிடித்து வைத்துத் தண்டம் கட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அளவுக்குப் போகாதது எங்கள் நல்வாய்ப்பு. காவலர் தமக்குத் தெரிந்த ஒரே எண்ணான மேற்பார்வையாளரின் எண்ணுக்கு அழைத்தார். அவர் "அதெல்லாம் இப்ப மேடம் பார்க்கறாங்க, அவங்களைக் கேளுங்க" என்று சொல்லித் தம் வேலையைப் பார்க்கப் போனார். புதிய கிடங்கில் யாரும் அந்த உரையைக் கேட்கவில்லை. மேடம் என்றால் யார், எந்த எண், அவர் சொன்னால் உள்ளே விடலாமா என்று காவலருக்கு எதுவும் தெரியாது. அவர் தம் ஷிப்ட் அதிகாரியைத் தேடினார். அதிகாரி ரேக் பகுதியில் இருந்தார். இப்படியாகச் செய்தி புதியவரிடம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அவர் இ-வே பில் தளத்தில் தம் துணைப் பயனர் கணக்கில் நுழைந்து வண்டி எண்ணை மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் நான்கு நிமிடம். சலானைத் திருத்தி அனுப்பி, லாரி உள்ளே நுழைந்தபோது மூன்றரை. நின்ற நேரம் இரண்டு மணி பத்து நிமிடம்; அதில் வேலை நடந்தது சில நிமிடங்கள் மட்டுமே.

அந்த லாரியின் பின்னால் ஐந்தாவதும் ஆறாவதும் வந்து நின்றன. காலை ஆறு மணிக்கு இறக்கும் ஆட்களின் நேரம் முடிந்தபோது நான்கு நடையே இறங்கியிருந்தது. மீதி 32 பேலட்டுகள் லாரியிலேயே பகலைக் கழித்தன. கணினியில் அவை வழியில் இருப்பதாகக் காட்டியதால் அவற்றில் இருந்த பிரேக் பேடுகளையும் வடிகட்டிகளையும் கேட்டு வந்த முகவர்களுக்கு விற்பனைப் பிரிவினர் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நோட்டில் இருந்த 31 அழைப்புகள்

அடிப்படை எங்கே பிசகியது என்பதை எனக்குக் காட்டியது லாரி இல்லை, புதியவரின் நோட்டு. தமக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு வரியில் எழுதிவைக்கிறவர் அவர். காலையில் தேநீர் குடித்துக்கொண்டே அவரும் நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். அந்த ஓர் இரவில் 31 அழைப்புகள். அவற்றில் அவருடைய வேலையான தாள் தொடர்பானவை 9. ஓட்டுநர்கள் பேட்டாவும் டீசல் பணமும் கேட்டவை 8. எந்த ரேக்கிலிருந்து எடுப்பது என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் கேட்டவை 6. மீதி 8 அழைப்புகளில் கேட்டது மேற்பார்வையாளரைப் பற்றிய ஒரே கேள்வி: அண்ணன் எங்கே? அன்று மாலை வரை அந்தக் கிடங்கைப் பார்த்தே இராத ஒருவரிடம் ரேக்கின் இடத்தைக் கேட்டிருக்கிறார்கள். "எந்தச் சந்தேகம்னாலும்" என்ற இரண்டு சொற்களின் விளைவு இது. ஒருவேளை மேற்பார்வையாளர் நான்காவது நடையின்போது அவரை அழைக்க நினைத்திருந்தாலும் அந்த எண் ஓய்ந்திருக்குமா என்பது ஐயமே.

புதிதாக ஒருவர் வந்த முதல் இரவில் இந்தக் கணக்கைப் பார்க்கும்படி நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அவருக்கு எத்தனை அழைப்பு வந்தது என்பதைவிட, அவற்றில் எத்தனை அவருடைய வேலை தொடர்பானவை என்பதுதான் அறிமுகம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லும். மற்றோர் அறிகுறி, வழக்கமாகப் பேசுகிறவர் பேசாமல் இருப்பது. அதை எண்ணிக் காட்ட முடியாது; ஆனால் அந்த இரவில் டாக்கில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

இரண்டாம் உரை

மேலாளர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். யாரையும் அழைத்து விசாரிக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் மட்டும் பகலில் தனியே பத்து நிமிடம் பேசினார். மாலையில் வந்தபோது ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதி வைத்திருந்தார். அன்று புதிய கிடங்கின் ஷிப்ட் அதிகாரியையும் வாசல் காவலரையும் போனில் ஸ்பீக்கரில் சேர்த்துக்கொண்டு பேசினார்:

"நேத்து நான் மேடத்தை அறிமுகப்படுத்தினது சரியா இல்ல, அதனால இன்னொரு தடவை சொல்றேன். நம்ம வண்டி டாக்ல நின்னது அண்ணன் மெதுவா வேலை பார்த்ததால இல்ல. ஏத்தறதையும் தாளையும் ஒருத்தர் தலையில போட்டது என் தப்பு. தாள் வேலையை மட்டும் பிரிச்சு எடுக்கத்தான் மேடம் வந்திருக்காங்க. இன்னைக்கு முதல் வண்டில இருந்து சலான், இ-வே பில், பேலட் லிஸ்ட் மூணும் மேடம். எது எந்த வண்டில ஏறணும், எப்படி ஏறணும், எந்த வண்டி வரணும், இதெல்லாம் எப்பவும் போல அண்ணன். வண்டி மாறினா, சீல் போடறதுக்கு முன்னாடி அண்ணன் மேடத்துக்கு நம்பரைச் சொல்லணும். மேடம் மாத்தி, புது தாள் கையில வந்த பிறகுதான் சீல். பேட்டா, டீசல் எனக்கு. ரேக் எங்கன்னு மேடத்தைக் கேக்காதீங்க, அவங்களுக்கு இன்னும் தெரியாது. அவங்க உங்களைக் கேப்பாங்க, சொல்லிக்குடுங்க. கேட்ல இருக்கற சார், மேடத்தோட நம்பரை இப்ப ரிஜிஸ்டர்ல எழுதிக்குங்க. தாள்ல சந்தேகம்னா அவங்க சொல்றதே போதும். இன்னைக்கும் நாளைக்கும் அண்ணன் ஒவ்வொரு செட் தாளையும் ஒரு பார்வை பார்த்துடுவார். மேடம், இதுல ஏதாவது விட்டுட்டேனா?"

புதியவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: தாம் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் வண்டி மாறினால் யார் மாற்றுவது? அந்த அரை மணி நேரத்துக்கு என் கணக்கிலிருந்து நான் மாற்றுவது என்று அங்கேயே முடிவாயிற்று. பிறகு மேற்பார்வையாளர், "வண்டி மாறினா நானே வந்து சொல்றேன்மா, போன்ல வேணாம், சத்தத்துல நம்பர் தப்பா கேக்கும்" என்றார். முந்தைய இரவு முழுவதும் அவர் தாமாகச் சொன்ன சொல் எதுவும் இல்லை என்பதால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த உரையில் அனுபவம் எத்தனை ஆண்டு என்ற பேச்சே இல்லை. நான் அதைக் குறையாகக் கருதவில்லை. முதல் நாளில் சொல்லப்படும் அனுபவக் கணக்கு புதியவருக்கு உதவுவதில்லை. அவர் எதையும் கேட்க முடியாதபடி செய்துவிடுகிறது. பதினோரு ஆண்டு பார்த்தவர் இதைக்கூடக் கேட்கிறாரே என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் முதல் இரவில் தமக்கு இருந்ததாக அவரே பின்னர் என்னிடம் சொன்னார். "அவங்களுக்கு இன்னும் தெரியாது" என்று மேலாளர் எல்லோர் முன்னிலும் சொன்னது அவரைத் தாழ்த்தவில்லை. கேட்பதற்கு உரிமை கொடுத்தது. மற்றொன்று, எதை மேடம் பார்ப்பார் என்பதோடு எதை அண்ணனே பார்ப்பார் என்பதையும் உரை சொன்னது. பிரித்துக் கொடுக்கும்போது பறிபோகாமல் இருப்பது எது என்று கேட்க விரும்புகிறவர் பழைய ஆள். அதைச் சொல்லாவிட்டால் எல்லாமே போயிற்று என்றே அவர் கொள்வார்.

மேலாளர் தம் தவறை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொண்டது குறித்து எங்களுக்குள் இரு கருத்து இருந்தது. அது தேவையற்றது, புதிய விதியை மட்டும் சொல்லியிருக்கலாம் என்றார் விற்பனைப் பிரிவிலிருந்து வந்த ஒருவர். நான் அதை ஏற்கவில்லை. முந்தைய மாலை எல்லோர் முன்னிலும் விழுந்த பழியைத் தனி அறையில் எடுத்திருக்க முடியாது. அதே இடத்தில், அதே ஆட்களின் முன்னால்தான் எடுத்தாக வேண்டும்.

பின் நடந்தவை

11ஆம் இரவில் 5 நடை ஆயிற்று. தாளை இருவரும் பார்த்ததில் கொஞ்சம் நேரம் போனது. 12ஆம் இரவிலிருந்து திட்டமிட்ட 6 நடை. நோட்டில் அழைப்புகள் 11ஆம் இரவில் 14 ஆகக் குறைந்தன. அவற்றில் 11 தாள் தொடர்பானவை. 13ஆம் இரவில் மறுபடியும் ஒரு லாரி மாறியது. மேற்பார்வையாளர் எண்ணைத் தம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு நடந்து வந்து காட்டினார். ஆறு நிமிடத்தில் புதிய தாள் கிடைத்து, அதன் பிறகே சீல் போடப்பட்டது.

வேலை முழுவதும் 22 இரவுகளில் முடிந்தது. இரண்டு இரவு தாமதத்தையும் முதல் உரையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஏழு நடைகள் ஏற்கெனவே பின்தங்கியிருந்தன, உரையால் இழந்தது ஏறத்தாழ மூன்று நடை. லேபிள் அச்சுப்பொறி பழுதானபோதும் மழையில் ஓர் இரவு டாக்கில் தண்ணீர் நின்றபோதும் எந்த உரையாலும் பயன் இருந்திருக்காது. அதேபோல், துணைப் பயனர் கணக்கு அவர் வருவதற்கு முன்பே திறக்கப்பட்டிராவிட்டால் இரண்டாம் உரையும் வெறும் பேச்சாகவே போயிருக்கும்.

இரண்டாம் உரையிலும் ஒரு விடுபாடு இருந்தது. பகல் ஷிப்டினர் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். இரண்டு மாலைகளிலும் அவர்கள் அங்கே இல்லை. முகவர்கள் திருப்பி அனுப்பிய பொருள்களுக்கு அவர்களும் அதே சலான் புத்தகத்தின் வரிசை எண்களையே பயன்படுத்தி வந்தார்கள். 14ஆம் நாள் காலையில் ஒரே எண்ணில் இரண்டு சலான்கள் இருப்பதை நான் கண்டேன். ஒன்று பகலில் கையால் எழுதியது, மற்றொன்று புதியவர் முந்தைய மாலை முன்கூட்டியே எடுத்தது. அன்று ஆறே முக்காலுக்கு மேலாளர் பகல் ஷிப்டினரை நிறுத்தி, சலானின் பின்பக்கத்தில் எழுதிய அதே ஆறு வரிகளை வாசித்து, ஏழாவதாகப் பகலுக்கு ஒரு வரிசை, இரவுக்கு ஒரு வரிசை என்று சேர்த்தார். பிறகு அந்தத் தாளை டாக்கின் பக்கச் சுவரில் ஒட்டினார். கிடங்கைக் காலி செய்த கடைசி இரவு வரை அது அங்கேயே இருந்தது.